எத்தனை லீ எடுத்தால் போதும்?

நூற்பாலையில் 40-ஆம் நம்பர் பருத்தி நூல் ஓடுகிறது. அதை வாங்கப் போகிறவர் திருப்பூரில் பின்னலாடை செய்பவர். நூலைக் கிலோ கணக்கில்தான் வாங்குகிறார், ஆனால் அவருக்கு வேண்டியது நீளம். சரியான 40-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவில் சுமார் 67.7 கிலோமீட்டர் இருக்கும். நூல் ஒரு சதவீதம் தடித்துவிட்டால் கிலோவுக்கு ஏறத்தாழ 680 மீட்டர் குறையும். 50 கிலோ மூட்டையில் அது 34 கிலோமீட்டர். அதனால் இன்றைய நூலின் சராசரி கவுண்ட் உண்மையிலேயே 40-தானா என்பதை மில்லின் சோதனைக் கூடம் தினமும் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லா நூலையும் அளக்க முடியாது. சிறிதளவுதான் அளக்கலாம், அளந்த நூலும் கழிவாகிவிடும். அப்படியானால் எவ்வளவு அளந்தால் போதும்?

முதலில் அளக்கும் முறையைப் பார்த்துவிடுவோம். ஒன்றரை கஜம் சுற்றளவுள்ள ரீலில் நூலை 80 சுற்று சுற்றினால் 120 கஜம் வரும். அதற்கு ஒரு லீ என்று பெயர். அதை நுண்தராசில் வைத்து கிராமில் எடை பார்த்து, 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் கவுண்ட் கிடைக்கும். லீயின் எடை 1.62 கிராம் என்றால் கவுண்ட் சரியாக 40. 1.64 கிராம் என்றால் 39.5. நூல் தடித்தால் எண் குறையும், மெலிந்தால் கூடும். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வேறுபட்டாலே கவுண்ட் கால் நம்பர் நகர்ந்துவிடுகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில், ஒரே பருத்தியில், நன்றாக ஓடும் மெஷினில் எடுத்த லீக்கள்கூட ஒன்றுபோல் இருக்காது. ஒன்று 39.2 காட்டும், அடுத்தது 40.9 காட்டும். பஞ்சு இயற்கைப் பொருள். இழைகள் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் தளர்ந்தும் வரும். இந்தச் சிதறலை ஒரே எண்ணில் சொல்வதுதான் திட்ட விலக்கம். தனித்தனி லீக்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பதை அது காட்டும். நம் மில்லில் இது 0.8 கவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். 40-க்கு அது 2 சதவீதம். தினமும் சோதனை நடக்கும் மில்லில் மாதக்கணக்கில் பதிவேடு இருப்பதால், இந்த எண் முன்கூட்டியே தெரிந்திருக்கும். சிதறல் முன்பே தெரிந்திருப்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை.

ஒரே ஒரு லீயை எடுத்து, இதுதான் இன்றைய கவுண்ட் என்று சொன்னால் விடை ஒன்றரை நம்பர்வரைகூடத் தவறலாம். பல லீ எடுத்துச் சராசரி பார்த்தால் தவறு குறைகிறது. ஒரு லீ மேலே போனால் இன்னொரு லீ கீழே வரும், கூட்டும்போது ஒன்றின் விலக்கத்தை மற்றொன்று ஓரளவு கழித்துவிடும். ஓரளவுதான், முழுவதும் அல்ல. எந்த அளவுக்கு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒன்றையொன்று சாராத அளவீடுகளைக் கூட்டும்போது திட்ட விலக்கங்கள் அப்படியே கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்கள்தான் கூடும். 16 லீக்களின் கூட்டுத்தொகையை எடுத்தால் அதன் விலக்கத்தின் வர்க்கம் 16 × 0.64. வர்க்கமூலம் எடுத்தால் 3.2. கூட்டுத்தொகையை 16-ஆல் வகுத்தால்தானே சராசரி? 3.2-ஐயும் 16-ஆல் வகுக்க 0.2 வருகிறது. தனி லீ 0.8 சிதறுகிறது, 16 லீயின் சராசரி 0.2 மட்டுமே சிதறுகிறது. 16 மடங்கு உழைப்புக்கு 4 மடங்கு துல்லியம். உழைப்பின் வர்க்கமூலம்தான் பலனாகக் கிடைக்கிறது.

இப்போது சோதனைக் கூடம் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டும். எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது முதலாவது. இதை வியாபாரம்தான் தீர்மானிக்கிறது. ஒரு சதவீதத்துக்குள் தெரிந்தால் போதும் என்று வாங்குபவரும் மில்லும் நினைத்தால், பிழை எல்லை 0.4 கவுண்ட். அந்த எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. சராசரிகளின் சிதறல் மணி வடிவத்தில் அமையும். அந்த வளைவில் நடுவிலிருந்து இருபுறமும் 1.96 திட்ட விலக்கத்துக்குள் 95 சதவீதம் அடங்கிவிடும். எனவே 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் 1.96 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறோம். 99 சதவீதம் வேண்டுமென்றால் 2.576, 90 சதவீதம் போதுமென்றால் 1.645. தனி லீக்கள் கச்சிதமாக மணி வடிவில் சிதறாவிட்டாலும் பெரிய சிக்கல் இல்லை. பத்துப் பதினைந்து லீ சேர்ந்த சராசரி அந்த வடிவத்தை நெருங்கிவிடும்.

சராசரியின் சிதறலை 1.96-ஆல் பெருக்கினால் வருவது நாம் பொறுத்துக்கொள்ளும் பிழைக்குள் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை எண்ணிக்கைக்காகத் திருப்பி எழுதினால் சூத்திரம் கிடைக்கிறது:

n = (z × σ / E)²

n என்பது எடுக்க வேண்டிய லீக்களின் எண்ணிக்கை. z உறுதிக்கான எண், σ தெரிந்த திட்ட விலக்கம், E பொறுத்துக்கொள்ளும் பிழை. நம் எண்களைப் போட்டால் 1.96 × 0.8 = 1.568. அதை 0.4-ஆல் வகுத்தால் 3.92. அதன் வர்க்கம் 15.37. லீயைப் பின்னத்தில் எடுக்க முடியாது, கீழ்நோக்கி முழுமையாக்கினால் பிழை எல்லையைத் தாண்டிவிடும். அதனால் எப்போதும் மேல்நோக்கியே போக வேண்டும். விடை 16 லீ.

இந்த 95 சதவீதம் எதைப் பற்றியது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. 95 சதவீத நூல் 39.6-க்கும் 40.4-க்கும் நடுவே இருக்கிறது என்று இதற்குப் பொருள் அல்ல. தனி லீக்கள் முன்போலவே 38.4 முதல் 41.6 வரை பரவித்தான் கிடக்கும். நாம் எத்தனை அளந்தாலும் நூலின் குணம் மாறப்போவதில்லை. இப்படி 16 லீ எடுத்துச் சராசரி சொல்லும் வழக்கத்தைத் தொடர்ந்து கடைப்பிடித்தால், நூறு நாளில் ஏறத்தாழ 95 நாள் நாம் சொல்லும் சராசரி அன்றைய உண்மைச் சராசரியிலிருந்து 0.4-க்கு மேல் விலகாது. அவ்வளவுதான் வாக்குறுதி. மீதி ஐந்து நாள் எவை என்று அந்தந்த நாளில் தெரியாது.

பிழையைப் பாதியாக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். E-ஐ 0.2 ஆக்கினால் விடை 61.47, அதாவது 62 லீ. 0.1 ஆக்கினால் 246 லீ. பிழை ஒவ்வொரு முறை பாதியாகும்போதும் வேலை நான்கு மடங்காகிறது. உறுதியைக் கூட்டுவது இவ்வளவு செலவு வைக்காது. 0.4 பிழையிலேயே 99 சதவீத உறுதி கேட்டால் 27 லீ போதும். 90 சதவீதம் என்றால் 11. ஆகவே பேரம் பேச வேண்டிய இடம் E. சோதனைக் கூடத்தில் 246 லீயை ரீல் சுற்றி எடை போட ஒரு ஷிப்டே போய்விடும். அந்த 0.1 கவுண்ட் துல்லியத்தை வைத்து யாராவது ஏதாவது முடிவு எடுக்கப் போகிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சூத்திரத்தில் ஒன்று இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மொத்த நூல் எவ்வளவு என்ற எண் எங்கேயும் வரவில்லை. உற்பத்தியில் இத்தனை சதவீதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதற்கு இந்தக் கணக்கில் அடிப்படை இல்லை. ஒரு மெஷினின் நூலானாலும் பத்து மெஷினின் நூலானாலும், சிதறல் அதே 0.8 என்றால், தேவை அதே 16. சராசரி எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சிதறலும் எண்ணிக்கையும்தான் தீர்மானிக்கின்றன. மொத்தமே மிகச் சிறியதாக இருந்து, அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கிறோம் என்றால் மட்டும் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நூற்பாலையில் அப்படி நேர்வது அரிது.

அந்த 0.8-க்கு வருவோம், கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. உண்மையான விலக்கம் 1.0 ஆக இருந்து நாம் 0.8 என்று நம்பியிருந்தால், 16 லீ தரும் பிழை 0.4 அல்ல, 0.49. சரியாகச் செய்ய 25 லீ தேவைப்பட்டிருக்கும். பதிவேட்டிலிருந்து இந்த எண்ணை எடுக்கும் முறையில் இரண்டு பக்கமும் தவறு வரலாம். ஆறு மாதத்து லீக்களை எல்லாம் ஒன்றாகக் கொட்டி விலக்கம் கண்டால், இடையில் பஞ்சு மாறியது, கியர் மாற்றிக் கவுண்டைத் திருத்தியது எல்லாம் அதற்குள் கலந்து எண் பெரிதாகிவிடும். தேவைக்கு மேல் லீ எடுப்போம். ஒரு நாளுக்குள் இருக்கும் சிதறல்தான் நமக்கு வேண்டியது. ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் தனியே விலக்கம் கண்டு, அதன் வர்க்கத்தை எடுத்து, அந்த வர்க்கங்களைச் சராசரி செய்து, கடைசியில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விலக்கங்களை நேரடியாகச் சராசரி செய்தால் கொஞ்சம் குறைவாக வரும்.

பழைய பதிவே இல்லாத புதிய மில் என்றால்? இன்று எடுத்த சில லீக்களிலிருந்தே விலக்கத்தையும் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடே ஆடக்கூடியது என்பதால் 1.96 போதாது. டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. அவர் வழியில் 16 அளவீடுகளுக்கு 1.96-க்குப் பதில் 2.131 போட வேண்டும். பிழை 0.39-இலிருந்து 0.43 ஆகிறது.

சிதறலை அளந்தாயிற்று, எண்ணிக்கையும் வந்தாயிற்று. ஆனால் நடைமுறையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் உடைவது அந்த 16 லீக்களை எங்கிருந்து எடுத்தோம் என்பதில்தான்.

ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு காப் நிரம்புகிறது. ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் தனி சிம்ப்ளெக்ஸ் பாபின் மேலே தொங்குகிறது. ரோலரின் அழுத்தமும் தேய்மானமும் இடத்துக்கு இடம் சற்று மாறும். ஆகவே ஒரு காப்புக்கும் இன்னொரு காப்புக்கும் வேறுபாடு உண்டு. ஒரே காப்புக்குள் அடுத்தடுத்துச் சுற்றிய நூலில் வேறுபாடு குறைவு. நம் 0.8 இந்த இரண்டும் சேர்ந்தது. காப்புக்குக் காப் உள்ள விலக்கம் 0.7 என்றும், ஒரு காப்புக்குள் 0.4 என்றும் கொள்வோம். வர்க்கங்கள் 0.49-ம் 0.16-ம். கூட்டினால் 0.65, அதன் வர்க்கமூலம் 0.8-ஐ ஒட்டி வருகிறது.

காப்புக்கு ஒரு லீயாக 16 காப்பிலிருந்து எடுத்தால் 0.65-ஐ 16-ஆல் வகுக்கலாம். சராசரியின் விலக்கம் 0.2, பிழை 0.4. சூத்திரம் சொன்னது இதைத்தான். ஆனால் சோதனைக் கூடத்தில் அவசரம். ரீலில் காப்பை மாற்றி மாற்றிப் போடுவதற்குப் பதில் 4 காப்பை எடுத்து ஒவ்வொன்றிலும் 4 லீ சுற்றிவிடுகிறார்கள். எண்ணிக்கை அதே 16. ஆனால் இப்போது காப்புக்குக் காப் உள்ள 0.49-ஐ 4-ஆல்தான் வகுக்க முடியும், ஏனென்றால் நாம் பார்த்த காப் நான்குதான். அது 0.1225. காப்புக்குள் உள்ள 0.16-ஐ மட்டும் 16-ஆல் வகுக்கலாம், அது 0.01. மொத்தம் 0.1325, வர்க்கமூலம் 0.364. அதை 1.96-ஆல் பெருக்கினால் பிழை 0.71. ஒரு சதவீதத்துக்குள் தெரியும் என்று எழுதிக் கொடுத்த அறிக்கையில் உண்மையில் இருப்பது 1.8 சதவீதம். ஒரே காப்பிலிருந்து 16 லீயும் எடுத்தால் பிழை 1.39. 16 காப்பிலிருந்து எடுத்த சராசரியோடு ஒப்பிட்டால் மூன்றரை மடங்கு மோசம். அந்த ஒரு காப்பிலிருந்து நூறு லீ எடுத்தாலும் இந்த எண் பெரிதாக அசையாது. மேலும் மேலும் தெளிவாகத் தெரிவது அந்தக் காப்பின் கவுண்ட்தான், அன்றைய நூலின் கவுண்ட் அல்ல.

இதில் மோசம் என்னவென்றால், தவறான முறையில் எடுத்த எண்கள் பார்க்க அழகாக இருக்கும். ஒரே காப்பின் 16 லீக்கள் 0.4 மட்டுமே சிதறும். அதைக் கண்டவர் இன்று நூல் ஒழுங்காக ஓடியிருக்கிறது என்று நினைப்பார். ஒரு நாள் சோதனையை மட்டும் வைத்து இந்தத் தவறைப் பிடிக்க முடியாது. நாள்தோறும் சொன்ன சராசரிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் பிடிபடும். மெஷினில் எதையும் மாற்றாத இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சராசரிகள் தமக்குள் 0.2 அளவுக்குத்தான் சிதற வேண்டும். 0.35, 0.7 என்று ஆடினால், ஒன்று நூலே நாளுக்கு நாள் மாறுகிறது, அல்லது லீக்களைக் குறைவான காப்புகளிலிருந்து எடுக்கிறார்கள். எது என்று தெரிந்துகொள்ள, ஒரே நாளில் இரண்டு பேர் தனித்தனியாக வேறு வேறு காப்புகளை எடுத்து அளந்து பார்க்கலாம். சில நாள் இப்படிச் செய்து, அந்த இரண்டு சராசரிகளும் 0.55-க்கு மேல் அடிக்கடி வேறுபடுகின்றன என்றால் சிக்கல் எடுக்கும் முறையில்தான். 16 லீ சரியாக எடுக்கப்பட்ட இரண்டு சராசரிகள் இருபது தடவையில் ஒரு தடவைதான் அந்த அளவு வேறுபட வேண்டும்.

காப்புகளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே தர்க்கம். கைக்கு எட்டும் மெஷினின் ஒரு முனையிலிருந்தே 16 காப்பையும் எடுத்தால், அந்த முனைக்கென்று ஒரு பொது விலகல் இருந்தால் அது எல்லா லீயிலும் ஏறிவிடும். நான்கு மெஷின் ஓடும்போது ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தாலும் அப்படியே. ஸ்பிண்டில் எண்களைக் குலுக்கி எடுத்துச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அந்த எண்ணுள்ள காப்பையே கொண்டுவரச் சொல்வது கொஞ்சம் தொந்தரவு. ஆனால் சூத்திரம் கேட்கும் ஒன்றையொன்று சாராத அளவீடு என்பது அப்படித்தான் கிடைக்கும்.

எண்ணிக்கையால் தீர்க்கவே முடியாத பிழை ஒன்றும் உண்டு. எல்லா லீயையும் ஒரே பக்கம் தள்ளும் பிழை அது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வணிகக் கணக்கில் உலர்ந்த பருத்தியின் எடையில் 8.5 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்கிறார்கள். மழைக்காலத்தில் அறை சரியாகப் பராமரிக்கப்படாமல் நூலில் 9.5 சதவீதம் ஈரம் ஏறிவிட்டது என்றால், ஒவ்வொரு லீயும் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக எடை கூடும். சரியான 40-ஆம் நம்பர் நூல் சராசரியில் 39.6 என்று காட்டும். 0.4 என்ற நம் பிழை எல்லையில் ஏறக்குறைய முழுவதையும் அந்த ஈரமே தின்றுவிடுகிறது. இதில் சிதறல் எதுவும் கூடவில்லை, திட்ட விலக்கம் அதே 0.8. அந்த அறையில் 246 லீ எடுத்தால் கிடைப்பது 39.6, கூட்டல் கழித்தல் 0.1 என்ற விடை. அதை நம்பி நூலை மெலிய வைக்கக் கியர் மாற்றினால், சரியாக ஓடிக்கொண்டிருந்த நூல் 40.4-க்குப் போய்விடும்.

தராசு சரிபார்க்கப்படாமல் இருந்தாலும், ரீலில் நூல் இறுக்கமாகவோ தளர்வாகவோ சுற்றப்பட்டாலும் இதே கதைதான். அதனால் சோதனைக் கூடத்தில் வெப்பத்தை 27 டிகிரியிலும் ஈரப்பதத்தை 65 சதவீதத்திலும் வைத்து, காப்புகளை அந்தக் காற்றுக்குப் பழகும்வரை சில மணி நேரம் வைத்துவிட்டு, தராசில் தெரிந்த எடைக்கல்லைப் போட்டுப் பார்த்த பிறகே முதல் லீயைச் சுற்றத் தொடங்குகிறார்கள்.